337 பக்கம் எப்படி 312 ஆனது: வன்னியில் கோவைகளை ஸ்கான் செய்யக் கொடுப்பவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் சங்கக் கோவை, காணிக் கோவை என்று தடித்த கட்டுகளைக் கடையில் ஸ்கான் செய்யக் கொடுக்கிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயர் சொல்லப்போவதில்லை. இப்படிச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்றும் நான் நினைக்கவில்லை.

எங்கள் கமக்கார அமைப்பின் பழைய கோவையில் 312 தாள்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போன கடிதங்கள், நீர்ப்பங்கீட்டுக் கூட்டக் குறிப்புகள், காலபோகம் சிறுபோகம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரவுத்தாள். 2009 இல் போனவை போக மிஞ்சியது இவ்வளவுதான். ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையில் சிவப்புப் பேனையால் இலக்கம் போட்டிருந்தது. எல்லாம் ஒருபக்கத் தாள்.

கடையில் இருந்து வந்த பிடிஎஃப்பில் 337 பக்கம். காசும் 337 பக்கத்துக்கு. எங்களிடம் 312 தாள்தானே இருக்கிறது என்று கேட்டதற்கு, “அண்ணை, மெஷின் 337 தரம் ஓடினதுதானே” என்றார் கடைக்காரர். சரி, இரண்டு தரம் விழுந்த பக்கங்களை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்றேன். அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு மறுநாள் ஒரு கோப்புத் தந்தார். அதில் 312 பக்கம், ஒன்று கூடாமல் குறையாமல். பார்த்தால் யாருக்கும் மனம் ஆறும். ஆனால் இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனபோது 10 தாள்கள் இல்லை, வேறு 10 தாள்கள் இரண்டு தரம் இருந்தன. நான் சொன்ன எண்ணிக்கை வரும்வரை அழித்துக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள்.

காணாமல் போன பத்தில் எட்டு வரவுத்தாள்கள். ஒரேமாதிரிப் பக்கங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, அது காட்டியதையெல்லாம் பார்க்காமலே அழித்ததாகப் பிறகு கடைப் பெடியன் ஒத்துக்கொண்டான். இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு சின்னப் படமாகச் சுருக்கித்தான் ஒப்பிடும். ஒரே தலைப்பு, ஒரே கட்டம், கட்டத்துக்குள் கையொப்பம். சுருக்கினால் கையொப்பம் வெறும் சாம்பல் பூச்சாகிவிடும், கட்டம்தான் மிஞ்சும். ஒரு போகத்து வரவுத்தாளும் நாலு வருடம் கழித்து வந்த வரவுத்தாளும் அதற்கு ஒன்றுதான். மறுபக்கம், ஒரு தரம் நேராகவும் மறுதரம் சரிந்தும் விழுந்த உண்மையான இரட்டைகள் அதன் கண்ணில் படவில்லை.

இரட்டை எப்படி வருகிறது என்று தெரிந்தால் தேடுவது லேசு. தாளை இழுக்கும் தட்டில் கட்டாக வைக்கிறார்கள். பழைய தாள் ஒன்று நடுவில் சிக்குகிறது. மூடியைத் திறந்து இழுத்தெடுத்து, எதுவரை போனது என்று தெரியாததால் ஏற்கெனவே போன நாலைந்து தாள்களையும் சேர்த்துத் திரும்ப வைக்கிறார்கள். அதனால் இரட்டை அங்கொன்று இங்கொன்றாக வருவது குறைவு. தொடராக வரும், அதுவும் கிட்டக்கிட்ட. கடைகளில் உள்ள பல மெஷின்களின் தட்டில் சுமார் 50 தாள்தான் பிடிக்கும், ஆகவே அந்தத் தூரத்துக்கு அப்பால் ஒத்துப்போகிற இரண்டு பக்கத்தை இரட்டை என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள்.

நல்லகாலம், முதல் கோப்பு என் பென் ட்ரைவில் இருந்தது. கடையில் அதன் மேலேயே புதியதைச் சேமித்து முதலாவதை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். மருமகன் கணினியில் Poppler, qpdf என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டு, முதலில் இதைத் தட்டினான்:

```
pdfimages -list kovai.pdf
```

பக்கத்துக்கு ஒரு வரி வரும், அதில் size என்ற நிரலில் அந்தப் பக்கப் படத்தின் அளவு இருக்கும். ஒரே தாளை இரண்டு தரம் ஸ்கான் செய்தால் கோப்பு அச்சொட்டாக ஒன்றாக வராது, தூசியும் சரிவும் கொஞ்சம் மாற்றிவிடும். ஆனால் எழுத்து நிறைந்த தாள் பெரிதாகவும் வெறுந்தாள் சிறிதாகவும் வருவது மாறாது. எங்கள் கோப்பில் 141 ஆம் பக்கத்தில் இருந்து 212K, 96.4K, 305K, 118K என்று போய், 145 இல் இருந்து 213K, 95.1K, 304K, 240K என்று வந்தது. முதல் மூன்றும் அதே தாளத்தில் திரும்ப வருகின்றன. சிக்கின இடம் அதுதான் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

நாலாவது ஏன் ஒத்துப்போகவில்லை? திறந்து பார்த்தால், 144 இல் தாள் பாதியில் சிக்கிக் கீழ்ப்பாதி இல்லை. முழுத்தாள் 148 இல் இருந்தது. இந்த இடத்தில் மென்பொருள் முதலாவதை வைத்து இரண்டாவதை அழித்திருந்தால் பாதித் தாள்தான் மிஞ்சியிருக்கும். அதற்காக எப்போதும் இரண்டாவது சுற்றை வைத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. 146 இல் மூலை மடிந்து சிவப்பு இலக்கம் மறைந்திருந்தது, 142 இல் அது தெளிவாக இருந்தது. ஆகவே முதல் சுற்றில் 141, 142, இரண்டாம் சுற்றில் 147, 148. நடுவில் உள்ள 143 முதல் 146 வரை போகலாம்:

```
qpdf kovai.pdf --pages . 1-142,147-z -- puthusu.pdf
```

z என்றால் கடைசிப் பக்கம். மூலக்கோப்பு அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று உருவாகும். இப்படிப் பல இடம் இருந்தால் எல்லாவற்றையும் மூலக்கோப்பின் இலக்கப்படி ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒரே கட்டளையில் கொடுங்கள். ஒரு இடத்தை எடுத்துச் சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், அதற்குப் பின்னால் உள்ள இலக்கமெல்லாம் முன்னுக்கு நகர்ந்துவிடும். பிறகு கடை செய்த வேலையையே நாமும் செய்வோம்.

இரண்டு பக்கமும் ஒரே தாள்தானா என்று சந்தேகம் வந்தால் எழுத்தைப் பார்க்க வேண்டாம். பின் குத்தின துருக்கறை, துளைபோட்ட இடத்துக் கிழிசல், ஈரம் பட்ட ஓரம், இவற்றைப் பாருங்கள். அச்சடித்த படிவம் நூறு இருக்கலாம், துருக்கறை தாளுக்குத் தாள் வேறு.

அளவை வைத்துத் தேடுவது எல்லாக் கோப்புக்கும் சரிவராது. கறுப்பு வெள்ளையாக மட்டும் ஸ்கான் செய்திருந்தால் எல்லா அளவும் சின்னதாய்க் கிட்டக்கிட்ட வரக்கூடும். சில மெஷின்கள் ஒரு பக்கத்தையே பல துண்டுப் படமாகப் பிரித்து வைக்கும், அப்போது பக்கத்துக்கு நாலைந்து வரி வந்து குழப்பும். அந்த நேரம் பிடிஎஃப் வாசிப்பானில் சின்னப் படங்களை வரிசையாகத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் வழி.

27 இரட்டைகளும் எடுத்தபின் 310 பக்கம் வந்தது. மற்ற இரண்டு தாளும் முதல் கோப்பிலேயே இல்லை. கோவையைப் புரட்டிப் பார்த்தால் இரண்டும் துருப்பிடித்த பின் ஊசியால் முன்தாளோடு ஒட்டியபடி, மெஷின் இரண்டையும் ஒன்றாக இழுத்திருக்கிறது. வேறொரு கடையில் கண்ணாடியில் வைத்து எடுத்துச் சேர்த்தோம்.

கொடுக்கப் போகிறவர்கள் இவ்வளவு செய்யுங்கள். தாளில் இலக்கம் இல்லாவிட்டால் பென்சிலால் போட்டுவிட்டுக் கொடுங்கள். முதல் கோப்பை எதையும் அழிக்காமல் அப்படியே பென் ட்ரைவில் வாங்குங்கள். எத்தனை தாள் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், அவர்களை எண்ணிச் சொல்ல விடுங்கள். காசு கொடுக்க முன்னர் மூலை இலக்கங்களைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். மிகுதிக் காசைப் பற்றிக் கேட்டால் எங்கள் கடைக்காரர் இப்போதும் சொல்வது அதேதான், மெஷின் 337 தரம் ஓடினதாம்.