400 த்ரெட் கவுண்ட்னு சொல்லி வித்த பெட்ஷீட், ஸ்கேல் வச்சு எண்ணுனா 124தான் வருது

நாகர்கோவில் பக்கம் வாட்ஸ்அப்ல பெட்ஷீட் வாங்குறவங்க இத கொஞ்சம் படிங்க. எங்க சித்தி மக கல்யாணத்துக்குன்னு ரெண்டு டபுள் பெட்ஷீட் ஆர்டர் போட்டாவ, "100% காட்டன், 400 த்ரெட் கவுண்ட்"னு போட்டு விக்கிறவன் ஒரு க்ளோஸ் அப் படமும் அனுப்பிருந்தான். பார்சல் வந்ததும் தொட்டுப் பாத்துட்டு சித்திக்கு சந்தேகம், என்ட்ட கொண்டு வந்தாவ.

முதல்ல அவன் அனுப்புன படத்தையும் துணியையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். படத்துல ஒரு நூல் நாலு நூலுக்கு மேல தாண்டிப் போய் அப்புறம் ஒரு நூலுக்கு அடியில நுழையுது, அது சாட்டின் நெசவு, அதான் அந்த மினுமினுப்பு. வந்த துணில ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு சாதா நெசவு. அப்ப படமே வேற துணியோடது.

அடுத்து துணிய சுருக்கமில்லாம ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சு, நீளவாக்குல போற பாவு நூலுக்குக் குறுக்க ஒரு தடவ, அகலவாக்குல போற ஊடை நூலுக்குக் குறுக்க ஒரு தடவ ஸ்கேல் வச்சு நேர் மேல இருந்து போன்ல மேக்ரோ எடுத்து பெருசாக்கி எண்ணுனேன். ஒரு சென்டிமீட்டர்ல பாவு 27, ஊடை 22, கூட்டுனா 49. த்ரெட் கவுண்ட்ங்கறது ஒரு இன்ச்சுக்கான கணக்கு, அதனால 2.54ஆல பெருக்கணும், 124 வந்துச்சு. ஒவ்வொரு இன்ச்சுலயும் ரெண்டு பக்க நூலும் சேத்துதான் எண்ணணும், ஒரு பக்கத்த மட்டும் எண்ணிட்டு சண்டைக்குப் போயிராதீங்க.

நான் எண்ணுன படத்தை அவனுக்கு அனுப்புனதுக்கு அவன் சொல்லுதான், "ஒவ்வொரு நூலுக்குள்ளயும் மூணு பிரி இருக்கு, அத சேத்துதான் 400." சரின்னு ஓரத்துல இருந்து ஒரு நூல உருவி முறுக்க எதிர்ப்பக்கமா அவுத்தேன். மூணு பிரியா பிரிஞ்சிருக்கணும்ல? பஞ்சு பஞ்சா கழண்டு நூலே அறுந்து போச்சு, ஒத்தப் பிரிதான். மூணு பிரியாவே இருந்தாலும் 372தான் வரும், அப்படிப் பெருக்கிக் காட்டுறதே ஏமாத்து.

காட்டனா இல்லையான்னு படத்த மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது மக்களே. காட்டன் நூல் கிட்டத்துல பாத்தா ஒழுங்கில்லாம மொசமொசன்னு ரோமம் இருக்கும், வழுவழுன்னு ஒரே தடிமனா பளபளத்தா பாலியஸ்டர்னு சந்தேகப்படலாம், ஆனா கலந்து நெய்திருந்தா ரெண்டும் ஒண்ணு போலதான் தெரியும். அதனால சில நூல முறுக்கி இடுக்கில பிடிச்சு ஒரு தட்டு மேல வச்சு கொளுத்திப் பாத்தோம், காகிதம் எரியுற வாசனை வந்துச்சு, ஆனா நுனில கருப்பா கட்டியா ஒரு உருண்டை நின்னுச்சு. சுத்த காட்டன்னா தொட்டதும் உதிர்ற சாம்பல்தான் இருக்கும். இது கலப்பு, நம்ம ஊரு புழுக்கத்துக்கு சுத்த காட்டன் அளவுக்கு வேர்வைய உறிஞ்சாது.

பாதி காசுதான் திருப்பித் தருவேன், கூரியர் செலவும் உங்க தலையிலன்னு சொல்லுதான், சித்தி ஒத்துக்கல, இன்னும் பேச்சு நடக்கு. நீங்க யார்ட்ட வாங்குனாலும் காசு போடுறதுக்கு முன்னால துணி மேல ஸ்கேல் வச்சு ஒரு படம் கேளுங்க. அவன்ட்ட இப்ப ஒரு தெரிஞ்சவங்க கேட்டுப் பாத்திருக்காவ, பதிலே இல்ல.