கண்ணாடி பாட்டிலும் ‘பின்னணி நீக்கு’ பொத்தானும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

“நீங்க வச்சிருக்கிற எடிட்டிங் மென்பொருள்ல ஒரே கிளிக்ல பின்னணியை எடுத்திடலாமாமே, பாட்டிலுக்கும் வருமா?” என்று நண்பர் கேட்டார். செருப்பு, துணி, முடிக்குக்கூட அழகாக வரும். கண்ணாடிக்கு வராது. பல வருடங்களாக எனக்கு எரிச்சல் தருவது இது ஒன்றுதான்.

அந்தப் பொத்தான் பாட்டிலின் வெளிக்கோட்டைச் சுத்தமாக வெட்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணாடிக்குள் தெரியும் பழைய சுவர் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் செடிகொடியை வைத்தால், கழுத்துப் பகுதியில் இலை தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் நிற்கும். லேயரின் ஒளிபுகாமையைக் குறைத்தால் சுவரோடு பளபளப்பும் விளிம்பின் கருங்கோடும் சேர்ந்து மங்கிவிடும்.

அதே மென்பொருளில் இருக்கும் பழைய வசதிகள்தான் கைகொடுக்கின்றன. நிறமற்ற பாட்டிலைச் சீரான சாம்பல் பின்னணியில் எடுத்திருக்கிறோம், 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவில் பின்னணி 180 என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய பாட்டிலை இரண்டு லேயர்களாக்கி, இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். முதல் லேயரின் கலப்பு முறை `Multiply`. `Levels`-இல் வெள்ளை முனையை 180-க்கு இழுத்தால் சுவர் முழு வெள்ளையாகி மறைந்துவிடும்; விளிம்பின் கருமை மட்டும் புதிய பின்னணியில் படியும். இரண்டாவதற்கு `Screen`. இதில் கறுப்பு முனையை 180-க்குக் கொண்டுவந்தால் சுவர் கறுப்பாகி மறைய, விளக்கின் பிரதிபலிப்பு மட்டும் மேலே நிற்கும். லேபிளும் மூடியும் ஒளி புகாதவை, அவற்றைத் தனியாக வெட்டிச் சாதாரண லேயராக மேலே வைத்தால் போதும். பச்சை பாட்டில் என்றால் `Multiply` லேயரின் நிறத்தை எடுக்கக் கூடாது. அடியில் வெறும் வெள்ளை லேயர் வைத்துப் பாருங்கள்: கண்ணாடிக்குள் சாம்பல் படலம் தெரிந்தால், சுவரில் வெளிச்சம் ஒரே சீராக விழவில்லை என்று அர்த்தம்.

முதல்முறை கழுத்துக்குள் இலை நரம்பு தெரிந்து, அதன்மேல் வெள்ளைக் கீற்று ஒன்று ஓடியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அப்புறம், தண்ணீர் நிறைந்த பாட்டில். அது லென்ஸ் மாதிரி வேலை செய்யும். மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு விட்டத்துக்கும் அப்பால் இருப்பவை அதற்குள் இடவலம் மாறித் தெரியும். அதனால் தண்ணீர் உள்ள பகுதிக்கு மட்டும் பின்னணியின் நகலை இடவலமாகத் திருப்பி, குறுக்கிப் பொருத்த வேண்டும். வெற்றுப் பாட்டிலில் இது தேவையில்லை, விளிம்பிலும் அடித்தடிப்பிலும் சற்று வளைத்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகும் இருட்டுப் பின்னணி வேண்டும் என்றால் இந்தப் படம் உதவாது. வெளிர் சுவருக்கு முன் எடுத்த பாட்டிலின் விளிம்பு கறுப்பு. இருட்டில் அது கரைந்துபோகும். கறுப்புத் துணியைப் பின்னால் வைத்து, பக்கங்களிலிருந்து ஒளி கொடுத்து, வெள்ளை விளிம்பு வரும்படி மறுபடியும் எடுத்தே ஆக வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: பாட்டில் படங்களுக்காக இந்த மென்பொருளை வாங்க வேண்டாம். லேயர் கலப்பு வசதி இலவச மென்பொருள்களிலும் இருக்கிறது. நான் மட்டும் இதை விடுவதாக இல்லை.