கோபக்கார கஸ்டமராக யார் நடிப்பது: சீனியரா, பழைய ரெக்கார்டிங்கா, சாட்பாட்டா?

கஸ்டமர் சப்போர்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களைத் திணற வைப்பதில் முதலிடம் ரீஃபண்ட் தாமதத்துக்குத்தான். பொருள் உடைந்து வந்தால் மாற்றிக் கொடுக்கலாம், முகவரி தப்பு என்றால் திருத்தலாம், ஆனால் பணம் உங்கள் கம்பெனியை விட்டுப் போய்விட்டது, கஸ்டமர் கைக்கும் வரவில்லை, நடுவில் எங்கேயோ இருக்கிறது என்றால் ஏஜென்ட் அழுத்த ஒரு பட்டனும் கிடையாது, வெறும் பேச்சுதான். இதற்குப் பயிற்சி கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: சீனியர் ஒருவரை கஸ்டமராக நடிக்கவைக்கும் மாக் கால், பழைய ரெக்கார்டிங்கைக் கேட்கவைப்பது, இப்போது புதிதாக சாட்பாட்.

மூன்றையும் ஒரே கேஸில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண்மணி ஆன்லைனில் 2,340 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டார். 3ஆம் தேதி பிக்கப், 6ஆம் தேதி கிடங்குக்கு வந்தது, 8ஆம் தேதி ரீஃபண்ட் போட்டாயிற்று. இன்று 16. போன வாரம் பேசிய ஏஜென்ட் "ரெண்டு நாளில் வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். பணம் கட்டியது கிரெடிட் கார்டில், அவர் தினமும் திறந்து பார்ப்பதோ சேமிப்புக் கணக்கை. அங்கே அது வரவே வராது, கார்டு பாக்கியில்தான் கழியும். ஆக ஏஜென்ட் செய்யவேண்டியது இவ்வளவுதான்: எதில் கட்டினார் என்று பார்ப்பது, ரீஃபண்ட் போட்ட தேதியைச் சொல்வது, கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கச் சொல்வது, அதிலும் இல்லையென்றால் பேங்கில் காட்டுவதற்கு ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணைக் கொடுப்பது. புதிதாக ஒரு நாள் கணக்கு சொல்லக் கூடாது.

சீனியர் நடிக்கும் மாக் காலில் உயிர் இருக்கும். இவர் நிஜ கால்களில் வருடக்கணக்காகத் திட்டு வாங்கியவர், எந்த இடத்தில் குரல் உயரும், எந்த இடத்தில் கஸ்டமர் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார் என்பதெல்லாம் தெரியும், அந்த மௌனத்தில் புதியவர் உளறுவதைப் பார்த்தாலே அவர் எங்கே பலவீனம் என்று தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் சீனியருக்கு ஷிஃப்ட் இருக்கிறது, க்யூ ஏறினால் பாதியில் எழுந்து போய்விடுவார். அப்புறம், எட்டாவது ஆளுக்கு அதே மிக்ஸி கேஸை நடிக்கும்போது முதல் ஆளுக்கு இருந்த கோபம் இருக்காது, தேதிகளும் மாறிப்போயிருக்கும். யார் நன்றாகச் செய்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் கஸ்டமர் வேஷம் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மூன்றாவது வரியில் இருவருமே சிரித்துவிடுவார்கள்.

ரெக்கார்டிங் கேட்பது முதல் நாளுக்கு நல்லது. நிஜக் கோபம் எப்படி ஒலிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் கேட்பவர் எதையும் முடிவு செய்வதில்லை, வேறொருவர் செய்த முடிவைக் கேட்கிறார். பெயர், போன் நம்பர் எல்லாம் நீக்காமல் வகுப்பில் ஓடவிடுவதும் சரியில்லை.

இப்போது சாட்பாட். "நீ ஒரு கோபமான கஸ்டமர், ரீஃபண்ட் தாமதம்" என்று மட்டும் சொல்லி ஓடவிட்டால் நடப்பது இது.

ஏஜென்ட்: "உங்கள் நிலைமை புரிகிறது மேடம், சிரமத்துக்கு மன்னிக்கவும். ரெண்டு நாளில் வந்துவிடும்."

பாட்: "புரிந்துகொண்டதற்கு நன்றி. சரி, காத்திருக்கிறேன்."

எந்தக் கஸ்டமர் இப்படிப் பேசுவார்? நிஜத்தில் "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்று வரும். இந்த மாடல்கள் இணக்கமாகப் பேசவே பழக்கப்பட்டவை, மரியாதையாக நாலு வார்த்தை சொன்னால் இளகிவிடும். விளைவாக, எதையும் கண்டுபிடிக்காத, பொய் வாக்குக் கொடுத்த ஏஜென்ட் ஜெயிக்கிறார். அதாவது தப்பான பாடம் மிகச் சுலபமாகப் படிந்துவிடுகிறது. ஆகவே சும்மா ஓடவிட்ட பாட், பாட் இல்லாமலிருப்பதைவிட மோசம் என்றே நான் சொல்வேன்.

அதையே ஒரு கேஸ் அட்டை கொடுத்து ஓட்டினால் கதை வேறு. தேதி, தொகை எல்லாவற்றோடும் கீழே உள்ள விதிகளும் அதில் இருக்கவேண்டும்:

```
கிரெடிட் கார்டில் கட்டினாய். கேட்டால் மட்டும் சொல்.
சேமிப்புக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.
மன்னிப்பு மட்டும் கேட்டால் கோபம் குறையக் கூடாது.
புதிதாக நாள் கணக்கு சொன்னால் கோபம் கூடும்.
ரீஃபண்ட் தேதியும் ஏஆர்என் எண்ணும் வந்தால்தான் தணிவாய்.
அட்டையில் இல்லாத விவரத்தை உருவாக்காதே.
சின்னச் சின்ன வரியாக, பேச்சுத் தமிழில் எழுது.
```

கடைசி இரண்டு வரி ஏன் என்றால், அவை இல்லாவிட்டால் பாட் தானாக ஒரு புது ஆர்டர் நம்பரை உருவாக்கும், "தாங்கள் இழைத்த தாமதம் வருத்தமளிக்கிறது" என்று மேடைத் தமிழில் கோபப்படும். நீளமான உரையாடலில் வேஷம் கலைந்து ஏஜென்டுக்கே யோசனை சொல்லவும் ஆரம்பிக்கலாம். பத்துப் பன்னிரண்டு பரிமாற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அட்டை வைத்த பாட்டில்தான் சீனியரால் கொடுக்க முடியாத ஒன்று கிடைக்கிறது, ஒரே கேஸை ஒரே உண்மைகளோடு எத்தனை பேர் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். அட்டையில் ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். "பணம் டெபிட் ஆகிவிட்டது, ஆர்டரே விழவில்லை" என்று வைத்தால் வெளியே அதே கோபம்தான், உள்ளே கேஸ் முழுக்க வேறு. தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை இருக்கிறது, ஆன்லைன் கார்டு பணம் என்றால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் திரும்பவேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. பொருளைத் திருப்பியதற்கான ரீஃபண்டுக்கு அது பொருந்தாது, அங்கே கடையின் ரிட்டர்ன் விதிதான். புதியவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது சகஜம், மிக்ஸி கேஸில் "ஒரு நாளைக்கு நூறு ரூபாய் கிடைக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அது எஸ்கலேஷனாக வந்து நிற்கும். இரண்டு அட்டையையும் அடுத்தடுத்து ஓட்டினால் இந்தக் குழப்பம் அன்றைக்கே வெளியே வந்துவிடும். மாக் காலில் இது தற்செயலாகத்தான் சிக்கும்.

மதிப்பெண் போடும் வேலையை மட்டும் அதே பாட்டிடம் கொடுக்காதீர்கள். கனிவாகப் பேசியவருக்கு அள்ளிக் கொடுத்துவிடும். உரையாடலை டீம் லீடர் வாசித்து மூன்றைப் பார்த்தால் போதும்: பணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாரா, கஸ்டமர் கையில் எண் போய்ச் சேர்ந்ததா, கொடுக்கக் கூடாத வாக்கு ஏதாவது கொடுத்தாரா.

என் வரிசை: முதல் நாள் ரெக்கார்டிங், அடுத்த சில நாட்கள் அட்டை வைத்த பாட், நிஜ கால் எடுப்பதற்கு முன்னால் சீனியரோடு ஒரே ஒரு மாக் கால். சாட் டீம் என்றால் கடைசியைக் குறைத்துக்கொள்ளலாம். வாய்ஸ் டீம் என்றால் கூடாது, ஏனென்றால் டைப் செய்யும் பாட் குறுக்கே பேசாது, பதில் யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருக்கும். லைனில் இருப்பவர் "ஹலோ, இருக்கீங்களா?" என்று கத்தும்போதே சிஸ்டத்தில் ஏஆர்என் தேடும் பழக்கம், எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கத்தினால்தான் வருகிறது.