ஜூன் மாதத்தை வருடம் முழுக்கப் பரப்பிப் போட்ட பாண்டாஸ்

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் காத்தாடிப் பராமரிப்பில் இருக்கும் நண்பன் வாட்ஸப்பில் கேட்டான்: “மக்கா, பத்து நிமிசத்துக்கு ஒரு வரின்னு லாக் குமிஞ்சு கெடக்கு. நீ பாண்டாஸ்லதான செய்யுத? நம்பலாமா, இல்ல எக்ஸல்லயே உருட்டவா?”

காத்தாடி எனக்குத் தெரியாது. நான் பார்ப்பது வீட்டுக்கூரை சோலார். தக்கலை, மார்த்தாண்டம் சுற்றுவட்டார வீடுகளில் இன்வெர்ட்டர் எழுதிவைக்கும் பதிவுகளை எடுத்து, மாதாமாதம் உற்பத்திக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகம் பாண்டாஸ்; அதன் 1.x பதிப்பு ஓடிய காலத்திலிருந்தே அதில்தான் பிழைப்பு. அதன் வேகம், groupby எல்லாம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதோடு தீராத வழக்கு ஒன்று உண்டு, அது தேதி.

ஒரு வீட்டின் ஜூன் மாதக் கோப்பை எடுத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் போர்ட்டலில் இருந்து இறக்கிய CSV. முதல் வரியில் `01/06/2024 06:20`. நம்மூரில் இதைப் பார்க்கும் யாரும் ஜூன் ஒன்று என்றுதான் வாசிப்பார்கள். பாண்டாஸ் ஜனவரி ஆறு என்று வாசிக்கும். `to_datetime`-க்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மாதம் முன்னால் வருவதாகவே அது எடுத்துக்கொள்ளும், அமெரிக்க வழக்கம்.

பழைய பதிப்புகளில் நடந்த கூத்து இன்னும் மோசம். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகிக்கும். 01/06 ஜனவரி 6 ஆகும். 13/06 வந்ததும், 13-ஆவது மாதம் கிடையாதே என்று அதை மட்டும் ஒழுங்காக ஜூன் 13 என்று படிக்கும். ஒரே பத்தியில் பாதி அமெரிக்கா, பாதி நாகர்கோவில். பிந்தைய 1.x பதிப்புகளில் ஒரு எச்சரிக்கையாவது தலைகாட்டும், அதையும் யார் படிக்கிறார்கள்?

2023 ஏப்ரலில் வந்த 2.0 இதைத் திருத்தியது. முதல் மதிப்பைப் பார்த்து ஒரே ஒரு வடிவத்தை ஊகித்துக்கொள்ளும், அதையே எல்லா வரிக்கும் பிடிக்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நம் ஜூன் கோப்பில் `13/06/2024` வரும் இடத்தில் `doesn't match format "%m/%d/%Y %H:%M"` என்று சத்தம் போடும். நியாயமான திருத்தம்தான், மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் சத்தம் போட்டால் வாயைப் பொத்தவும் அதிலேயே வழி வைத்திருக்கிறார்களே! சோலார் மாட்டிக் கொடுத்தவரின் அலுவலகத்தில் ஒரு பையன், பிழை போக வேண்டும் என்று, படிக்க முடியாததைக் காலியாக விடச் சொல்லும் `errors="coerce"` சேர்த்துவிட்டான். பிழை போய்விட்டது. கூடவே 13 முதல் 30 வரையுள்ள 18 நாட்களும் நேரமே இல்லாத `NaT` ஆகி, அடுத்த வரியில் காலி வரிகளை நீக்க இருந்த `dropna`-வில் கழிந்துவிட்டன. மிச்சம் 12 நாட்கள் எங்கே போயின என்று பாருங்கள். ஜூன் 1 ஜனவரி 6-க்கு, ஜூன் 2 பிப்ரவரி 6-க்கு, இப்படியே ஜூன் 12 டிசம்பர் 6-க்கு. சரியான இடத்தில் நின்றது ஜூன் 6 ஒன்றுதான். மாதவாரி வரைபடம் பன்னிரண்டு தூண்களோடு அழகாக வந்தது. அந்த வீட்டில் பேனல் மாட்டியதே ஏப்ரலில்! வீட்டுக்கார அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, மாட்டுறதுக்கு முன்னால ஜனவரியில எனக்கு எப்படிடே கரண்டு வந்துது?”

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க, எந்தத் தேதி எண் எத்தனை முறை வந்தது என்று எண்ணும் `dt.day.value_counts()` போதும். எல்லா வரியும் ஒரே தேதி எண்ணில், இங்கே 6-இல், குவிந்திருந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம். 2.0-க்குப் பிறகும் ஆபத்து எங்கே என்றால் சின்னக் கோப்புகளில். ஒன்று முதல் ஏழாம் தேதி வரை ஒரு வாரத்துக்கு மட்டும் இறக்கினால் 13 வரவே வராது, சத்தமும் வராது. `dayfirst=True` போட்டாலும் அது ஒரு விருப்பம்தான், கட்டளை இல்லை. அதனால் நான் ஊகிக்கவே விடுவதில்லை:

```python
t = pd.to_datetime(df["Time"], format="%d/%m/%Y %H:%M")
df["ts"] = t.dt.tz_localize("Asia/Kolkata")
```

இரண்டாவது வரியில்தான் எனக்கும் பாண்டாஸுக்கும் சமாதானம் தொடங்குகிறது. போர்ட்டல் CSV-யில் இருப்பது நம் கடிகார நேரம், எந்த ஊர் நேரம் என்ற குறிப்புதான் இல்லை. `tz_localize` அந்தக் குறிப்பை ஒட்டும், முள்ளை நகர்த்தாது. அதே இன்வெர்ட்டரின் தரவை API வழியாக எடுத்தால் உலகப் பொது நேரமான UTC-யில், வினாடிக் கணக்கில் வரும். அதை `unit="s", utc=True` கொடுத்துப் படித்துவிட்டு `tz_convert` செய்ய வேண்டும். இங்கே முள் ஐந்தரை மணி நேரம் நகரும். குறிப்பில்லாத நேரத்தை `tz_convert`-க்குக் கொடுத்தால் அது மறுத்துவிடும். தேதியில் இல்லாத கண்டிப்பு இதில் இருக்கிறது.

சோலார்காரனுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. கடிகாரம் பொய் சொன்னால் சூரியன் காட்டிக்கொடுக்கும். மேகமில்லாத ஒரு நாளை எடுத்து, உற்பத்தி தொடங்கிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் நடுப்புள்ளியைக் கணக்கிடுவேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நம் மாவட்டம் ஏறக்குறைய 77.5 பாகையில் கிடக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நமக்குச் சூரியன் 20 நிமிடம் தாமதம். ஆகவே இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, சராசரியாக 12:20-க்கு. பிப்ரவரி நடுவில் 12:34 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12:04-க்கு வந்துவிடும்.

நடுப்புள்ளி காலை 6:50 என்று வந்தால், UTC-ஐ நம் நேரம் என்று எடுத்திருக்கிறோம். மாலை 5:50 என்று வந்தால் ஐந்தரை மணி நேரத்தை இரண்டு முறை கூட்டியாகிவிட்டது. இவையெல்லாம் கண்ணுக்கே தெரியும். எனக்குப் பிடித்தது 11:57. நடுப்பகல் 12 மணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது மிகச் சரியாகத் தோன்றும். ஆனால் அது 23 நிமிடப் பிழை. பைத்தானின் பழைய நேரமண்டல நூலகமான pytz-இல் இருந்து எடுத்த `Asia/Kolkata`-வை வெறும் பைத்தானின் `replace(tzinfo=...)` வழியாக ஒட்டினால், இந்திய நேரம் வருவதற்கு முந்தைய கல்கத்தா உள்ளூர் நேரமான +5:53 ஒட்டிக்கொள்ளும். பிறகு சரியான +5:30-க்கு மாற்றும்போது 12:20 என்பது 11:57 ஆகிவிடும். பாண்டாஸின் `tz_localize` இந்தப் பள்ளத்தைத் தானே தாண்டிவிடுகிறது. பைத்தான் 3.9-இல் வந்த zoneinfo-விலும் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு எச்சரிக்கை. கிழக்கே வேளிமலை மறைத்தாலோ, மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை மறைத்தாலோ நடுப்புள்ளி கொஞ்சம் நகரும். பத்து நிமிட வித்தியாசத்துக்கெல்லாம் நான் இன்வெர்ட்டரைக் குறை சொல்வதில்லை.

இனி ஒழுங்கில்லாத இடைவெளி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்பது விளம்பரத்தில். ஆனி ஆடிக் காற்றில் லைன் போனால், நெட் போனால், பதிவும் போகும். காலை 10:00-க்கு 2000 வாட், அடுத்த வரி 11:00-க்கு 2200 வாட் என்று இருக்கும். ஒவ்வொரு வரியையும் ஐந்து நிமிடம் என்று வைத்துப் பெருக்கினால் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது 0.17 யூனிட். அதே வரிகளில் அன்றைய மொத்த உற்பத்தி எண் 4.1-லிருந்து 6.2-க்கு ஏறியிருக்கும். அதாவது உண்மையில் 2.1 யூனிட். ஆகவே வாட்டைக் கூட்டாதீர்கள், மொத்த எண்ணின் வித்தியாசத்தை எடுங்கள். நெட் திரும்பியதும் தேங்கிய வரிகள் ஒரே நிமிட முத்திரையோடு கூட்டமாக வந்து விழுவதும் உண்டு, வந்து சேர்ந்த நேரத்தையே சில போர்ட்டல்கள் குத்திவிடும். மொத்த எண் இருந்தால் அந்தக் கூட்டத்தில் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டாலே கணக்கு தப்பாது.

இங்கேயும் பாண்டாஸ் ஒரு குசும்பு வைத்திருக்கிறது. மணிவாரியாகப் பிரித்து `mean` கேட்டால் பதிவே இல்லாத மணிக்கு `NaN` தரும். `sum` கேட்டால் 0 தரும். பேனல் ஓடவில்லை என்பதும், ஓடியதா என்று தெரியாது என்பதும் அதற்கு ஒன்றுதான் போல. இதைத் தடுக்க:

```python
kwh.resample("1h").sum(min_count=1)
```

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது, போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. நேரமண்டலம் விஷயத்தில் இவ்வளவு நேர்மையான கருவியை நான் வேறு பார்க்கவில்லை. இரண்டு வீட்டுப் பதிவுகள் ஒரே நிமிடத்தில் ஒத்து வராதபோது, `direction="nearest"` என்று சொன்னால் பக்கத்து நேரத்தோடு இணைத்துத் தரும் `merge_asof` ஒன்றுக்காகவே கையெடுத்துக் கும்பிடலாம். `tolerance=pd.Timedelta("10min")` கொடுத்தால் அதற்கு மேல் தள்ளி இருப்பதை இணைக்காமல் விட்டுவிடும்.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. ஆமாம், இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டுதான். கேட்காமலே ஊகிக்கிற பழக்கத்தை விடாத வரைக்கும் மூன்று கொடுக்க எனக்கு மனசில்லை. அந்தப் பையனின் ஸ்கிரிப்டை வரிவரியாகப் பிரித்து முடித்த கையோடு எழுதுகிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பனுக்கு: எக்ஸல் வேண்டாம் மக்கா. மண்டலம் அமெரிக்கா என்று இருக்கிற லேப்டாப்பில் CSV-யைத் திறந்தாலே 01/06 ஜனவரியாகி வலப்பக்கம் ஒட்டும், 13/06 வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும், சேமித்தால் மூலமே கெட்டுவிடும். பாண்டாஸே போடு, `format` இல்லாமல் மட்டும் கூப்பிடாதே. உன் காத்தாடி லாக்கில் 10:10 என்று இருப்பது 10:00-இலிருந்து 10:10 வரையான சராசரியா, 10:10-இல் தொடங்குகிறதா என்று கன்ட்ரோல் ரூமில் முதலில் கேட்டுவிடு. உனக்குக் காட்டிக்கொடுக்கச் சூரியன் கிடையாது. கணவாய்க் காற்று எந்த நேரமும் அடிக்கும்.