மூலைத் துண்டை இறக்க ஒரே ஃபார்முலாவா, மூன்றா?

ரூபிக் கியூபின் அடியில் வெள்ளைக் கூட்டல்குறி முடிந்துவிட்டது. அடுத்து நான்கு மூலைகள். இதற்கு இரண்டு வழிகள் சொல்லித் தருவார்கள். ஒன்று, R U R' U' என்பதை மூலை சரியாக உட்காரும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. மற்றொன்று, வெள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து அதற்கேற்ற ஃபார்முலாவைப் போடுவது. R வலது பக்கம், U மேல் அடுக்கு, F முன்பக்கம். எல்லாம் கடிகாரத் திசையில் கால் சுற்று. எழுத்தை அடுத்து ' குறி வந்தால் எதிர்த்திசை, 2 வந்தால் அரைச் சுற்று.

பச்சையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் ஆரஞ்சு. வெள்ளை-பச்சை-ஆரஞ்சு மூலை, தன் இடத்துக்கு நேர்மேலே இருக்கிறது. வெள்ளை வலப்பக்கம் பார்த்தால் R U R' போதும். R போட்டதும் கீழே இருந்த காலி இடம் மேலே ஏறி வருகிறது, நம் மூலை பின்னால் ஒதுங்குகிறது. U அந்த மூலையைத் தள்ளி அதே இடத்தில் உட்கார வைக்கிறது. R' அதைக் கீழே இறக்குகிறது. R-இல் நகர்ந்த கூட்டல்குறித் துண்டும் கூடவே வீடு திரும்பிவிடும். வெள்ளை முன்பக்கம் பார்த்தால் இதே வேலை கண்ணாடிப் பிம்பமாக: F' U' F.

வெள்ளை மேலே பார்த்தால்தான் சிக்கல். அப்படியே R U R' போட்டால் மூலை இறங்கும், ஆனால் வெள்ளை அடியில் இல்லாமல் வலப்பக்கம் திரும்பி நிற்கும். அதனால் R U2 R' U' போட்டு வெள்ளையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, அப்புறம் R U R'. மொத்தம் 7 அசைவு.

ஒரே ஃபார்முலா வழியில் இதே மூன்று நிலைகளுக்கும் முறையே 1, 5, 3 தடவை ஆகும். அதாவது 3 அசைவில் முடியும் முன்பக்க நிலைக்கு 20 அசைவு! ஒவ்வொரு இரண்டு தடவைக்கும் மூலை மேலே திரும்பி வந்து, ஒரு படி முறுக்கிக்கொள்வதுதான் காரணம். ஆனால் இந்த வழிக்கும் ஒரு லாபம் உண்டு. மூலை தன் இடத்திலேயே தப்பாகத் திரும்பி உட்கார்ந்திருந்தால், வெளியே எடுத்துத் திரும்பப் போட யோசிக்கவே வேண்டாம். 2 அல்லது 4 தடவையில் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், முதல் நாள் ஒரே ஃபார்முலா, மறுநாளே மூன்று நிலைகள். எண்ணிக்கொண்டு திருப்பும் கை, துண்டைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

ஒரே ஃபார்முலா வழியில் கிடைத்த ஒரு பழக்கம் கடைசிக் கட்டத்தில் காலை வாரும். முதல் அடுக்கில் மூலை உட்கார்ந்ததுமே நிறுத்தலாம், கடைசி U' தேவையில்லை. மேல் அடுக்கு மூலைகளைத் திருப்பும் R' D' R D-இல் அப்படி முடியாது (D அடி அடுக்கு). மஞ்சள் மேலே வந்துவிட்டதே என்று கடைசி D-ஐ விட்டால் கீழே எல்லாம் குலைந்து போகும். நாலும் சேர்த்துப் போட்டால்தான் ஒரு தடவை. எல்லா மூலைகளுக்குமாகச் சேர்த்து 6-இன் மடங்கில் முடியும்போதுதான் கீழ் அடுக்குகள் பழையபடி கூடும். நடுவில் கலைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம்.