பஸ் சீட்டுக்கு ஒரு கடிகாரம், பணத்துக்கு வேறு கடிகாரம்: 7,400 ரூபாய் 15 நாள் மாட்டிக்கொண்ட கதை

பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆன்லைனில் ஆம்னி பஸ் டிக்கெட் போடப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போடுங்கள். எந்த தளம் என்று சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்தது எந்த தளத்திலும் நடக்கலாம், அதனால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து நாகர்கோவில், நாலு ஸ்லீப்பர், ஒன்று 1,850 ரூபாய், மொத்தம் 7,400. அம்மாவுக்குக் கீழ் படுக்கை வேண்டும் என்று தேடித்தேடி இரவு 9.42க்கு சீட்டைத் தேர்ந்தெடுத்தேன். உடனே மேலே ஒரு டைமர் ஓட ஆரம்பித்தது, 8 நிமிடம். அதாவது 9.50 வரை அந்த நாலு சீட்டும் எனக்காக வைக்கப்பட்டிருக்கும், அதற்குள் பணம் கட்டவில்லை என்றால் விடுவித்துவிடுவார்கள். இது நியாயமான விதிதான், பணம் கட்டாதவருக்காக சீட்டைப் பூட்டி வைத்திருந்தால் மற்றவர்கள் எப்படிப் போவார்கள்.

நாலு பேர் பெயர், வயது, ஏறும் இடம் எல்லாம் போட்டேன். நடுவில் கணக்கு தொடங்கச் சொன்னது, மின்னஞ்சல் கொடுத்து அதையும் செய்தேன். பணம் கட்டும் பக்கம் வந்தபோது 9.47. அந்தப் பக்கத்தில் பழைய டைமரைக் காணோம், புதிதாக ஒன்று 5 நிமிடத்திலிருந்து ஓடியது. 9.52 வரை நேரம் இருக்கிறது என்றுதான் யாருமே நினைப்பார்கள். யூபிஐ செயலியில் ரகசிய எண் போட்டு 9.51க்குப் பணம் போய்விட்டது, பச்சை டிக் வந்தது. திரும்பி தளத்துக்கு வந்தால் 'உங்கள் கோரிக்கை காலாவதியாகிவிட்டது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். சீட் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் நான் எடுத்த நாலில் இரண்டு ஏற்கெனவே போயிருந்தது.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் தம்பிதான் அப்புறம் விளக்கினான். சீட்டை வைத்திருக்கும் கடிகாரம் பஸ் தளத்தினுடையது, அது சீட்டைத் தொட்ட நொடியிலிருந்து ஓடுகிறது. பணம் கட்டும் பக்கத்தின் கடிகாரம் பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தினுடையது, அது அந்தப் பக்கம் திறந்த நொடியிலிருந்து ஓடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. ஒழுங்காகச் செய்கிறவர்கள் பணப் பக்கத்துக்கு மீதி இருக்கும் நேரத்தை மட்டும்தான் கொடுப்பார்கள், என் விஷயத்தில் அது 3 நிமிடம். அப்படியும் பணம் தாமதமாக வந்துவிட்டால், சீட் இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும், இல்லை என்றால் அந்த நொடியே பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. கோரிக்கை காலாவதி ஆனதும் அந்தப் பதிவை மூடிவிட்டார்கள், பின்னால் வந்த பணம் யாரும் கேட்பாரில்லாமல் அவர்கள் கணக்கில் கிடந்தது.

அடுத்த நாள் காலை வாடிக்கையாளர் சேவையில் சொன்ன பதில்: "சார், உங்க புக்கிங் ஃபெயில் ஆயிடுச்சு, 5லேர்ந்து 7 வேலை நாள்ல பேங்க்ல இருந்து தானா வந்துடும்." நானும் நம்பிக் காத்திருந்தேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறோம். அந்தப் பதில் வேறொரு நிலைமைக்கானது.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. யூபிஐயில் உங்கள் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு, விற்பவருக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், 5 நாளுக்குள் தானாகத் திருப்பிவிட வேண்டும், அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நடுவழியில் சிக்கிய பணத்துக்கு இது நல்ல பாதுகாப்பு. பத்தாவது நாள் வங்கிக்குப் போனேன், அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்ணான யூடிஆர் எண்ணைப் போட்டுப் பார்த்த அதிகாரி சொன்னார்: "சார், உங்க பணம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துடுச்சு. இது தோல்வியான பரிவர்த்தனையே இல்ல, தானா திரும்பாது. அவங்கதான் ரீஃபண்ட் போடணும்."

அதாவது, செயலியில் 'நிலுவை' என்றோ 'தோல்வி' என்றோ காட்டினால் வங்கியைப் பிடிக்கலாம். 'வெற்றி' என்று காட்டி டிக்கெட் மட்டும் வரவில்லை என்றால் பணம் விற்பவரிடம் இருக்கிறது, 7 நாள் காத்திருப்பது வீண், முதல் நாளே விற்பவரைக் கேட்க வேண்டும்.

சரி, அவர்களைக் கேட்கலாம் என்று உள்ளே நுழையப் போனால் அடுத்த அடி. அன்று இரவு அவசரத்தில் தொடங்கிய கணக்கை உறுதி செய்யச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, அது ஸ்பேம் பெட்டியில் கிடந்தது, அதிலிருந்த இணைப்புக்கு ஆயுள் 24 மணி நேரம். உறுதி செய்யாத கணக்கைக் கொஞ்ச நாளில் அழித்துவிடுவார்களாம். என் கணக்கே இல்லை. அதே மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்கினேன், 'என் முன்பதிவுகள்' பக்கம் வெறுமையாக இருந்தது. சேவை மையத்தில் ஆர்டர் எண் கேட்கிறார்கள், அது இருந்ததோ அழிந்துபோன கணக்கில். பணம் வாங்கிய ஒரு பதிவு இருக்கும்போது அந்தக் கணக்கை எப்படி அழிக்கலாம் என்று எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

காப்பாற்றியது யூபிஐ செயலிதான். அதில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து முழு விவரம் பார்த்தால், 12 இலக்க யூடிஆர் எண்ணுக்குக் கீழே குறிப்பு என்ற இடத்தில் ஆர்டர் எண் இருந்தது. இரண்டையும், பணம் போன நேரத்தையும் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். எப்போது வரும் என்று கேட்கவில்லை. ரீஃபண்ட் எந்தத் தேதியில் போடப்பட்டது, அதன் எண் என்ன என்று மட்டும் கேட்டேன். போடாதவர்களால் இதற்கு பதில் சொல்ல முடியாது. இரண்டு நாள் பதில் இல்லை, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மறுநாளே ரீஃபண்ட் எண்ணோடு பதில் வந்தது, அதில் இருந்த தேதி அன்றைய தேதி! அதாவது அதுவரை 13 நாளாக யாரும் அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. 15ஆம் நாள் 7,400 கணக்கில் ஏறியது. இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில், பணம் மாட்டிய அன்று இரவே வேறு பஸ்ஸில் தலைக்கு 2,300 கொடுத்து நாலு டிக்கெட் போட்டேன், கூடுதல் 1,800 போனது போனதுதான். அம்மாவுக்கு மேல் படுக்கைதான் கிடைத்தது.

இப்போதெல்லாம் நான் பயணிகள் விவரத்தை முதலிலேயே தளத்தில் சேமித்து, கணக்கையும் முன்கூட்டியே உறுதி செய்துவிட்டுத்தான் சீட்டைத் தொடுகிறேன். தொட்டதும் கைப்பேசியில் மணி பார்த்து முதல் டைமர் முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். பணப் பக்கத்துக்கு வரும்போது அதில் இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால், பக்கத்தில் எத்தனை நிமிடம் காட்டினாலும் பணம் கட்டாமல் வெளியே வந்து, சீட்டை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து எடுக்கிறேன்.