ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி, மூன்று வழி: பட்டுக்கோட்டைப் பக்கம் பணம் வந்து சேர்ந்த கதை

சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறேன். ஆனால் அனுப்பிய பணம் அந்தப் பக்கம் எப்படிப் போய் விழுகிறது என்பதை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. 'வந்துருச்சும்மா?' 'வந்துருச்சுப்பா.' அதோடு பேச்சு முடிந்துவிடும். எவ்வளவு வந்தது என்று நானும் கேட்டதில்லை.

இந்த முறை பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற 1,500 சிங்கப்பூர் வெள்ளி தேவைப்பட்டது. நானும் ஊருக்குப் போகிறேன். சரி, ஒரு சோதனையாகப் பார்த்துவிடுவோம் என்று மூன்றாகப் பிரித்து, ஒரே வியாழக்கிழமை, மூன்று வழியில் 500 வெள்ளி வீதம் அனுப்பினேன். ஒன்று என் வங்கிக் கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்கு. இன்னொன்று போனில் இருக்கும் பணம் அனுப்பும் ஆப் வழியாக. மூன்றாவது, லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கட்டி, அம்மா ஊரில் ரொக்கமாக வாங்கிக்கொள்வது.

வியாழக்கிழமை என்று பார்த்துத்தான் வைத்தேன். நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் கறி வாங்கப் போகும்போது அப்படியே பணத்தையும் கட்டிவிட்டு வருவோம். சனி, ஞாயிறு அந்நியச் செலாவணி சந்தை மூடியிருக்கும். திங்கள் காலை ரேட் எங்கே திறக்கும் என்று யாருக்கும் தெரியாததால், சில இடங்களில் தங்கள் பாதுகாப்புக்கு ரேட்டைக் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார்கள். கூட்டமும் அன்றைக்குத்தான்.

அன்று போனில் தேடினால் ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய் காட்டியது. இது சந்தையின் நடு ரேட். யாரும் இதே ரேட்டைக் கையில் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை, ஆனால் அளந்து பார்க்கும் கோல் இதுதான். 500 வெள்ளிக்கு 33,000 ரூபாய். இதில் எவ்வளவு குறைகிறதோ அதுவும், மேலே கட்டும் கட்டணமும் சேர்ந்ததுதான் உண்மையான செலவு.

ஆப் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் கதையே இல்லை. ரேட் 65.90, கட்டணம் மூன்றரை வெள்ளி. எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்குவதற்குள் அம்மா போனுக்குக் குறுஞ்செய்தி போய்விட்டது, 32,950 ரூபாய். அந்த நிறுவனம் இந்தியாவில் தனக்கிருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே உள்ளூர் பரிமாற்றத்தில் போடுகிறது. அம்மாவின் வங்கிக்கு இது பக்கத்து ஊரிலிருந்து வந்த பணம் மாதிரிதான். அதனால் அங்கே மாற்றவும் ஒன்றுமில்லை, பிடிக்கவும் ஒன்றுமில்லை. 503.50 வெள்ளியை நடு ரேட்டில் பெருக்கினால் 33,231. வந்தது 32,950. போனது 281 ரூபாய்.

வெள்ளிக்கிழமை இரவு திருச்சி விமானம். சனிக்கிழமை காலை வீட்டில். திங்கட்கிழமை அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போனேன், ரொக்கம் வாங்க.

அம்மாவுக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிக்கும். வங்கியில் சீட்டு எழுத வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், தெரிந்த கடை. கவுன்ட்டரில் இருந்த பையன் நான் கொடுத்த குறிப்பு எண்ணைத் தட்டினான். அம்மாவின் ஆதாரைப் பார்த்தான். திரும்பத் திரையைப் பார்த்தான்.

"அம்மா, பேரு சரியா இல்லையே."

ஆதாரில் 'ராஜேஸ்வரி எஸ்'. நான் சிங்கப்பூரில் கட்டியபோது கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. என் பாஸ்போர்ட் பழக்கத்தில் தாத்தா பெயரை முழுசாகப் போட்டுவிட்டேன், ராஜேஸ்வரி சுப்பிரமணியன். எஸ் என்றால் சுப்பிரமணியன்தான் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"அனுப்புனவங்ககிட்ட சொல்லி பேரை மாத்தச் சொல்லுங்கம்மா."

"அனுப்புனவனே இந்தா நிக்கிறானே தம்பி" என்றார் அம்மா.

அவன் சிரித்துவிட்டான். ஆனால் செய்ய முடியாது. பெயரைத் திருத்துவது பணம் கட்டிய பக்கத்தில்தான் நடக்கும், வாங்கும் பக்கத்தில் கையே வைக்க முடியாது. அங்கேயே நின்று, சிங்கப்பூர் சிம்மில் ரோமிங் போட்டு, ரசீது எண், என் அடையாள எண் எல்லாம் சொல்லித் திருத்தி வாங்க நாற்பது நிமிஷம். அம்மா எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திருத்தத்துக்குக் காசு கேட்கவில்லை. நான் சிங்கப்பூரில் வேலைத்தளத்தில் இருந்திருந்தால் அம்மா வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பார்.

அப்புறம் ஆதார் நகலில் கையெழுத்து, 500 ரூபாய்த் தாள்களும் ஓர் ஐம்பதுமாக எண்ணிக் கொடுத்தான். 32,550. அங்கே ரேட் 65.10, கட்டணம் 5 வெள்ளி. கணக்குப் போட்டால் 780 ரூபாய் போயிருக்கிறது. இந்தக் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்று பலகை பார்த்து நம்மாட்கள் நுழைவார்கள். 66 போகிற நாளில் 65.20 கொடுத்தால், கட்டணமே இல்லாமல் 500 வெள்ளிக்கு 400 ரூபாய் எடுத்தாகிவிட்டது. மூன்றரை வெள்ளி வாங்கும் ஆப் அதைவிட மலிவு.

நாங்கள் கிளம்பும்போது பின்னாலிருந்த ஒருவர் மகன் அனுப்பிய 80,000 ரூபாயை மொத்தமாகக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பையன் மேல் தப்பில்லை. இப்படி வரும் பணத்தில் 50,000 ரூபாய் வரைதான் ரொக்கம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல் என்றால் காசோலை, அல்லது கணக்கில் வரவு. ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஒருவர் பெயருக்கு வருஷத்துக்கு 30 தடவை என்றும் வரம்பு இருக்கிறது. அனுப்பும் கடையில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

இனி வங்கி. வியாழன் அனுப்பியது திங்கள் வரை வரவில்லை. அம்மாவின் போனைப் புரட்டினால் வெள்ளிக்கிழமையே ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். 'ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன்பா.' வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருக்கிறது, என்ன காரணத்துக்கு என்று தெரிவித்தால்தான் வரவு வைப்போம் என்பது அதன் சாரம்.

கிளைக்குப் போனோம். அங்கே பாஸ்புக் அச்சடிக்கும் மிஷின் முன்னால் ஒரு வரிசை, அதைத் தாண்டி அதிகாரி மேசை. அவர் நல்ல மனுஷர். "சார், வெளிநாட்டுப் பணம் எங்ககிட்ட வராது, அதுக்கு வேற பெரிய ஆபீஸ் இருக்கு. நீங்க ஒரு லெட்டர் குடுங்க, நான் மெயில் பண்றேன்" என்றார். குடும்பப் பராமரிப்புக்காக மகன் அனுப்பியது என்று எழுதி அம்மா கையெழுத்துப் போட்டார். அதற்கு P1301 என்று ஒரு குறியீடு உண்டு. அனுப்பும்போது காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று சரியாகத் தேர்ந்திருந்தால் பெரும்பாலும் இந்த அலைச்சல் இருக்காது. நான் 'மற்றவை' போட்டிருந்தேன்.

புதன்கிழமை வரவானது. அன்றும் நடு ரேட் கிட்டத்தட்ட 66தான். பாஸ்புக்கில் விழுந்த தொகை 31,253 ரூபாய் 43 காசு.

மறுபடி அதிகாரியிடமே போய் உட்கார்ந்து கணக்குக் கேட்டேன். அவர் கால்குலேட்டரோடு பிரித்துக் காட்டியதை அப்படியே தருகிறேன். நான் வெள்ளியாகவே அனுப்பியிருந்தேன். சிங்கப்பூர் வங்கிக்கும் இந்த வங்கிக்கும் நடுவில் கைமாற்றிய இன்னொரு வங்கி 15 வெள்ளி எடுத்துக்கொண்டது. மீதி 485. அதை இந்த வங்கி தன் வாங்கும் ரேட்டில், 64.80இல் மாற்றியது. 31,428 ரூபாய். நாணயம் மாற்றியதற்கு ஜிஎஸ்டி 56 ரூபாய் 57 காசு, வரவு வைத்ததற்கு வரியோடு 118 ரூபாய்.

அந்த ஜிஎஸ்டியைப் பார்த்துப் பலர் '18 சதவீதம் பிடித்துவிட்டான்' என்று பதறுவார்கள். மொத்தத் தொகைக்கு இல்லை. ஒரு லட்சம் வரை, மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பு என்று வைத்து, குறைந்தது 250 ரூபாயாக, அதன்மேல்தான் 18 சதவீதம். 31,428இல் ஒரு சதவீதம் 314 ரூபாய் 28 காசு, அதில் 18 சதவீதம் அந்த 56 ரூபாய் 57 காசு. அது வலியே இல்லை. வலி மற்ற இடங்களில்: சிங்கப்பூரில் நான் ஏற்கெனவே கட்டிய 35 வெள்ளி, நடுவில் போன 15 வெள்ளி, ரேட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கும் போன 1 ரூபாய் 20 காசு. 535 வெள்ளியின் மதிப்பு 35,310. வந்தது 31,253. போனது 4,057 ரூபாய், ஓடு மாற்றுபவரின் சில நாள் கூலி.

வங்கி வழியே மோசம் என்று இதை வைத்து எழுதிவிடக் கூடாது. அந்த 35ம் 15ம் எவ்வளவு அனுப்பினாலும் பெரிதாக மாறாத தொகைகள். 500க்கு அது பத்தில் ஒரு பங்கு, 20,000 வெள்ளிக்கு ஒன்றுமே இல்லை. நிலம் வாங்கவோ வீடு கட்டவோ பெருந்தொகை அனுப்பும்போது, ஊரிலுள்ள கிளையில் முன்கூட்டியே பேசினால் பலகையில் போட்டிருப்பதைவிட நல்ல ரேட் தருவார்கள் என்று அதிகாரியே சொன்னார். கட்டணம் யார் தலையில் என்று கேட்கும் இடத்தில் OUR போட்டால் நடுவில் வெட்டுவதும் உங்கள் செலவாகிவிடும், ஊரிலுள்ள வங்கிக்கு முழுத்தொகை போய்ச் சேரும். நான் போட்டது செலவை இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் SHA. சில சிங்கப்பூர் வங்கிகளின் ஆப்பிலேயே கட்டணமில்லாமல் ரூபாயாக அனுப்பும் வசதி தனியாக இருக்கிறது. நான் அதைத் தொடாமல், பழைய பாணியில் தந்தி மாற்று என்ற பட்டனை அழுத்தியது என் புத்தி.

அன்று மாலை பக்கத்து வீட்டு மாமா பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இதெல்லாம், உண்டியல்ல போட்டா சாயங்காலம் வீட்டுல வந்து குடுத்துட்டுப் போறான், ரேட்டும் ஜாஸ்தி" என்றார். உரிமம் இல்லாமல் ஆள் வழியாகப் பணத்தைக் கைமாற்றும் அந்த உண்டியல் சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். போன வருஷம் அவர் மகன் மனை வாங்கப் போனபோது, பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுச்சீட்டு இல்லாமல் அலைந்ததும் இதே மாமா சொன்ன கதைதான்.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்துவிட்டார்களே, அதில் அனுப்பக் கூடாதா என்று தம்பி கேட்டான். அவனுக்கு அனுப்பலாம். அம்மா வைத்திருப்பது பட்டன் போன்.

இப்போது ஏற்பாடு இது: மாதச் செலவுக்கு ஆப், நேராக அம்மா கணக்குக்கு. தம்பி வாரச்சந்தை நாளில் ஏடிஎம்மில் எடுத்துக் கொடுப்பான். ஆனால் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார், தீபாவளிக்கு மட்டும் கடைத்தெருவில் போய் ரொக்கமாகத்தான் வாங்குவாராம். 'அந்தப் பையன் எண்ணிக் குடுக்கிறப்ப நீ அனுப்புன மாதிரி இருக்குடா.' 780 ரூபாய் போனால் போகட்டும். ஆதாரைப் படம்பிடித்து என் போனில் வைத்திருக்கிறேன். கடைசிப் பெயர் கட்டத்தில் இனி எஸ் மட்டும்.